வகுப்புப் போட்டோவில் காணாமற் போன பிள்ளை

இது கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறவர்கள் நேரம் கிடைக்கும்போது கடைசி வரைக்கும் வாசித்து விடுங்கள்.

பாடசாலைச் சஞ்சிகை வெளிவந்து மூன்றாம் நாள். இடைவேளை மணி அடித்த நேரம், தரம் இரண்டில் படிக்கும் பிள்ளை ஒன்றின் உம்மா எங்களைத் தேடி வந்தார். கோபமாக வரவில்லை. சஞ்சிகையை விரித்து மேசையில் வைத்து, "டீச்சர், என்ட புள்ள எங்க?" என்று மட்டும் கேட்டார்.

சிறுவர் தினத்தன்று ஜம்பு மரத்தடியில் எடுத்த வகுப்புப் போட்டோ அது. நாங்கள் சிரித்துக்கொண்டே, "ரெண்டாவது வரிசையில மூணாவது, இந்தா நிக்கிறா" என்று விரலை வைத்தோம். வைத்த பிறகுதான் கண்ணில் பட்டது, அந்த இடத்தில் இருந்தது வேறொரு பிள்ளையின் முகம்.

"இந்தப் பர்தா ஓரத்தில இருக்கிற லேஸ் நான் தைச்சது டீச்சர். இந்தக் கை என்ட புள்ளட கை. முகம் மட்டும் அவட இல்ல" என்றார் அந்த உம்மா.

அவர் பின்னால் ஒளிந்து நின்ற பிள்ளை எங்களை நிமிர்ந்து பார்க்கவேயில்லை. தான் ஏதோ குழப்படி செய்ததால் டீச்சர்மார் தன்னைப் படத்திலிருந்து எடுத்துவிட்டார்கள் என்று அது நினைத்திருக்கிறது. வீட்டில் இரண்டு நாள் அப்படிச் சொல்லித்தான் அழுததாம்.

தேடிப் பார்த்ததில் நடந்தது இதுதான். எங்கள் வகுப்பில் 31 பிள்ளைகள். சிறுவர் தினத்தன்று 30 பேர் வந்திருந்தார்கள். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். படம் எடுத்த கையோடு நாங்கள் அதை வகுப்பு வட்ஸ்அப் குழுமத்தில் போட்டுவிட்டோம். காய்ச்சலில் படுத்திருந்த பிள்ளை அதைப் பார்த்து, "எல்லாரும் இருக்காங்க, நான் மட்டும் இல்ல" என்று அழுதிருக்கிறது. வாப்பா கட்டாரில். மகளின் படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தவர். உம்மாவுக்கு மனம் கேட்கவில்லை. சாச்சாவின் மகன், பதினைந்து வயதுப் பையன், "மாமி, ரெண்டு நிமிஷ வேல" என்று சொல்லி, முகம் மாற்றும் செயலி ஒன்றை இறக்கி, பெருநாளைக்கு எடுத்த படத்திலிருந்த முகத்தைக் கொண்டுவந்து வகுப்புப் போட்டோவில் பொருத்திக் கொடுத்திருக்கிறான். படம் கட்டாருக்குப் போனது. முகநூலுக்கும் போனது. நூற்றுக்கு மேல் விருப்பங்கள். "மாஷா அல்லாஹ், புள்ள வளந்துட்டாளே" என்று சொந்தக்காரரின் கருத்துகள்.

எங்கள் பங்குக்கு நாங்கள் செய்த பிழையையும் சொல்லிவிட வேண்டும். சஞ்சிகைக்குப் படம் கேட்டபோது மூலப்படம் இருந்த போன் பழுதாகிக் கிடந்தது. முகநூலில் தேடினோம். தெளிவாக ஒரு படம் கிடைத்தது. ஒவ்வொரு முகமாகப் பார்க்காமல் அதையே அச்சுக்குக் கொடுத்துவிட்டோம். ஒவ்வொரு நாளும் அந்த 31 முகங்களையும் பார்த்து இடாப்புக் கூப்பிடுகிற எங்களுக்கே தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்று பிறகு உட்கார்ந்து யோசித்தோம். அந்தப் பையனையும் கூப்பிட்டு, ஏசாமல், "எப்படிச் செய்தாய், காட்டு மகன்" என்று கேட்டோம். அவன் செய்து காட்டியதையும், நாங்கள் வாசித்து விளங்கிக்கொண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

கூட்டமாக எடுத்த படமொன்றை அந்தச் செயலிக்குக் கொடுத்தால், முதலில் அது ஒவ்வொரு முகத்தையும் சுற்றிச் சின்னப் பெட்டி கட்டும். "எந்த முகத்தை மாற்ற வேண்டும்?" என்று கேட்கும். இந்த இடத்தைக் கவனியுங்கள். வெறும் இடத்தில் ஒரு பிள்ளையைப் புதிதாகக் கொண்டுவந்து நிறுத்துவதல்ல இந்த வேலை. இருக்கிற முகம் ஒன்றின் மேல் இன்னொரு முகத்தைப் போடுவது. அதாவது ஒரு பிள்ளை உள்ளே வர வேண்டுமென்றால் இன்னொரு பிள்ளை வெளியே போக வேண்டும். பையன் நடுவில் நின்ற ஒரு பிள்ளையைத் தொட்டிருக்கிறான். யாருடைய பிள்ளை என்று அவனுக்குத் தெரியாது. அந்த உம்மாவோ தன் மகளின் முகத்தை மட்டும்தான் பார்த்தார். அது யாருடைய இடம் என்று பார்க்கவில்லை.

அடுத்து, கொடுத்த முகத்தில் கண், மூக்கு நுனி, வாயின் ஓரங்கள் எங்கே இருக்கின்றன என்று செயலி குறித்துக்கொள்ளும். பிறகு அந்த முகத்தின் அடையாளத்தை எண்களின் வரிசையாக மாற்றும். இந்த வேலைக்குப் பலரும் பயன்படுத்தும் இலவச மென்பொருளொன்றில் ஒரு முகம் என்பது 512 எண்கள். அந்த எண்களை வைத்து, பழைய முகம் இருந்த இடத்தில் புது முகத்தை வரையும். இதற்கு ஒரேயொரு தெளிவான படம் போதும். 2017ஆம் ஆண்டளவில் இந்த வித்தை பரவத் தொடங்கியபோது ஒருவரின் நூற்றுக்கணக்கான படங்கள் தேவைப்பட்டன. இன்று முகநூலில் இருக்கும் பெருநாள் படம் ஒன்றே போதும்.

முக்கியமான ஒன்று, இப்படி வரையும்போது அடையாளம் புதுப் படத்திலிருந்து வரும். ஆனால் முகபாவம் பழைய பிள்ளையுடையதாகவே இருக்கும். தலை சாய்ந்திருந்த விதம், கண் சுருங்கியது, சிரிப்பு எல்லாம் அங்கே உண்மையாக நின்ற பிள்ளையுடையவை. ஆக, கட்டாரில் அந்த வாப்பா பார்த்து மகிழ்ந்தது அடுத்த வீட்டுப் பிள்ளையின் சிரிப்பை.

பொதுவாக இப்படி மாற்றிய முகத்தைக் கண்டுபிடிக்க நெற்றியில் முடி தொடங்கும் இடத்தையும், காதையும், கன்னத்துக்கும் கழுத்துக்கும் உள்ள நிற வித்தியாசத்தையும் பார்க்கச் சொல்வார்கள். மாற்றம் நடப்பது நெற்றியிலிருந்து நாடி வரைக்கும்தான். அதனால் பிசகுவதென்றால் அந்த ஓரங்களில்தான் பிசகும். ஆனால் எங்கள் பெண்பிள்ளைகள் வெள்ளைப் பர்தா அணிந்து நிற்கிறார்கள். முடி, காது, கழுத்து எதுவும் தெரியாது. காட்டிக்கொடுக்கும் ஓரங்களையெல்லாம் துணி மூடிவிட்டது. எங்கள் பாடசாலைப் படங்களில் இந்த மாற்றம் இவ்வளவு சுத்தமாகப் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இருந்தும் இரண்டு அடையாளங்கள் இருந்தன. ஒன்று வெயில். காலை வெயில் இடது பக்கத்திலிருந்து விழுந்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் மூக்கின் மறுபக்கம் நிழல் இருந்தது. அந்த ஒரு முகம் மட்டும் ஸ்டூடியோவில் எடுத்தது போல இரண்டு பக்கமும் ஒரே வெளிச்சம். இரண்டாவது பல். தரம் இரண்டு என்றால் ஏழு வயது, முன்பல் விழுகிற காலம். வாயைத் திறந்து சிரித்த பிள்ளைகளில் பாதிப்பேருக்கு ஓட்டைப்பல். அந்த முகத்தில் மட்டும் வரிசை குலையாத பல். படத்தைத் தெளிவாக்கும்போது "இங்கே பல் இருக்க வேண்டும்" என்று செயலி தானாகவே நிரப்பிவிட்டது. தோலையும் மினுக்கி, சின்ன மச்சம் வடு எல்லாவற்றையும் அழித்துவிட்டது.

லேஸ் தைத்த உம்மா இதைக் கேட்டுவிட்டு, "அவக்கு அந்த ரெண்டு பல்லும் விழுந்தது அந்தக் கிழமதான் டீச்சர். அந்தச் சிரிப்புள்ள ஒரு போட்டோ எங்கள்ட்ட வேற இல்ல" என்றார். எங்களுக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

இனி, கண்ணுக்குத் தெரியாத பக்கம். பையனின் போனில் ஒரு சின்னச் சோதனை செய்து பார்த்தோம். போனை விமானப் பயன்முறைக்கு மாற்றி, வைபையும் நிறுத்திவிட்டு, அதே செயலியில் ஒரு முகத்தை மாற்றச் சொன்னோம். "இணைய இணைப்பு இல்லை" என்று வந்தது. அப்படியென்றால் வேலை போனுக்குள் நடக்கவில்லை. படம் எங்கோ இருக்கும் கணினி ஒன்றுக்குப் போய், மாற்றப்பட்டுத் திரும்பி வருகிறது. நீங்களும் உங்கள் போனில் இதைச் செய்து பார்க்கலாம். இணைப்பு இல்லாமல் வேலை செய்தால், படம் வெளியே போகவே இல்லை என்று அதை வைத்து உறுதி சொல்ல ஏலாது, ஏனென்றால் இணைப்பு வந்த பிறகு அனுப்பலாம். ஆனால் வேலை செய்யாவிட்டால் அநேகமாகப் படம் வெளியே போகிறது.

அன்று போனது ஒரு பிள்ளையின் முகம் மட்டுமல்ல. முழு வகுப்புப் போட்டோவும் போனது. 30 பிள்ளைகளின் முகம், சீருடை, பின்னால் கட்டியிருந்த பதாகையில் பாடசாலையின் பெயர், தரம், திகதி. ஒரு உம்மா தன் பிள்ளைக்காக அழுத்திய ஒரு பொத்தானால் மற்ற 30 வீட்டுப் பிள்ளைகளின் முகங்களும் கேட்காமல் போயின. எங்கள் நாட்டின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகளின் தரவைச் சாதாரண தரவோடு சேர்க்காமல் விசேட வகையில் வைத்திருக்கிறது. ஆனால் வீட்டில் குடும்பத்துக்காக நாம் செய்வதை அந்தச் சட்டம் வந்து தடுக்காது. ஆகவே இந்த இடத்தில் காவல் நாம்தான்.

"செயலியை அழிச்சாச்சு டீச்சர்" என்றான் பையன். அழித்தது போனில் இருந்த செயலியை. அனுப்பிய படம் அதோடு அழியாது. அது எவ்வளவு காலம் அங்கே இருக்கும் என்பது, நாம் வாசிக்காமல் "சம்மதம்" என்று அழுத்திய நிபந்தனைகளில்தான் இருக்கிறது. 2019இல் முகத்தை முதுமையாக்கிக் காட்டும் ஃபேஸ்ஆப் உலகம் முழுக்கப் பரவியபோது, பலர் அதன் நிபந்தனைகளைப் பிறகுதான் வாசித்தார்கள். படங்களை நிரந்தரமாகவும் திருப்பிப் பெற முடியாத வகையிலும் பயன்படுத்தும் உரிமை அதில் எழுதப்பட்டிருந்தது. பெரும்பாலான படங்களை 48 மணித்தியாலத்தில் அழித்துவிடுவதாக அந்த நிறுவனம் அப்போது சொன்னது. வாக்குறுதி அப்படி, எழுத்து இப்படி. பெரியவர்கள் தங்கள் முகத்தைக் கொடுத்தால் அது அவர்கள் தீர்மானம். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தீர்மானத்தை எடுக்க ஏலாது.

காய்ச்சலில் வராமல் இருந்த பிள்ளையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாள் வகுப்பில் சிறுவர் தினத்தைப் பற்றி ஐந்து வசனம் எழுதச் சொன்னோம். அந்தப் பிள்ளை எழுதியது: "நாங்கள் ஜம்பு மரத்தடியில் நின்றோம். எனக்கு வெயில் சுட்டது. கேக் தந்தார்கள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்." பொய் சொல்கிற பிள்ளையல்ல. வீட்டில் எல்லோரும் அந்தப் படத்தைக் காட்டிக் காட்டிக் கதைத்ததில், அது தான் அங்கே இருந்ததாகவே நினைக்கத் தொடங்கிவிட்டது.

இது புதுமையல்ல. 2002இல் கிம்பர்லி வேட் என்ற ஆய்வாளரும் அவரது சகாக்களும் நியூசிலாந்தில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 20 பெரியவர்களின் சிறுவயதுப் படங்களைக் குடும்பத்தாரிடம் வாங்கி, அவர்கள் வெப்பக்காற்றுப் பலூனில் பறப்பது போல ஒரு பொய்ப் படம் செய்தார்கள். உண்மைப் படங்களோடு அதையும் கலந்து காட்டி, "நினைவில் இருப்பதைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள். மூன்று சந்திப்புகள் முடியும்போது, அவர்களில் பாதிப்பேர், ஒருபோதும் நடக்காத அந்தப் பயணத்தை முழுமையாகவோ பகுதியாகவோ நினைவுகூர்ந்தார்கள். 20 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் வளர்ந்த மனிதர்களே அப்படியென்றால், ஏழு வயதில், உம்மாவே கையில் தந்து "இந்தா பாரு, நீ" என்று சொல்லும் படத்தைப் பிள்ளை எப்படிச் சந்தேகிக்கும்?

இப்போது ஒரு பிள்ளை இருந்தும் படத்தில் இல்லை. இன்னொரு பிள்ளை இல்லாமலே அங்கே இருந்ததாக நம்புகிறது. இரண்டுமே ஒரே பொத்தானால் நடந்தவை.

கடைசியாக அந்தப் பையன். நல்ல பையன். மாமியின் கவலையைத் தீர்க்கத்தான் செய்தான். வீட்டில் எல்லோரும் "கெட்டிக்காரன்" என்று தட்டிக் கொடுத்தார்கள். ஆனால் அவன் அதிலிருந்து என்ன படித்தான்? இன்னொருவரின் பிள்ளையின் படத்தை எடுத்து, யாரிடமும் கேட்காமல் மாற்றலாம், பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள் என்று படித்தான். 2023இல் ஸ்பெயினில் அல்மென்ட்ராலேஹோ என்ற சிறு நகரத்தில், பள்ளிப் பெண்பிள்ளைகள் இருபதுக்கு மேற்பட்டோரின் சமூக ஊடகப் படங்களை எடுத்து, செயலி ஒன்றினால் ஆடையில்லாத படங்களாக மாற்றிப் பரப்பினார்கள். செய்தவர்கள் எங்கோ இருந்த குற்றவாளிகளல்ல, அதே ஊர்ப் பள்ளிப் பையன்கள். அடுத்த ஆண்டு 15 பேருக்குச் சிறுவர் நீதிமன்றம் ஓராண்டு நன்னடத்தைக் காவல் விதித்தது. எங்கள் பையன் அப்படிச் செய்வான் என்று நாங்கள் சொல்லவில்லை. "கேட்காமல் இன்னொருவரின் படத்தில் கை வைக்கக்கூடாது" என்ற கோட்டை நல்ல காரியத்துக்காக நாமே அழித்துவிட்டால், கெட்ட காரியத்தின்போது அந்தக் கோட்டைக் காட்டிப் பேச நமக்கு வாய் இருக்காது என்றுதான் சொல்கிறோம்.

அப்படியென்றால் ஒன்றுமே செய்யக்கூடாதா என்று கேட்பீர்கள். எல்லா மாற்றமும் ஒன்றல்ல. ஒரே நேரத்தில் நான்கைந்து படம் எடுத்து, கண் மூடிய பிள்ளைக்கு அடுத்த படத்தில் அதே பிள்ளை கண் திறந்திருந்த முகத்தை எடுத்து வைப்பதை ஸ்டூடியோக்காரர்கள் பல காலமாகச் செய்கிறார்கள். இப்போது சில போன்களே செய்கின்றன. அங்கே அதே பிள்ளை, அதே நாள், அதே வெயில். யாரும் யாருடைய இடத்தையும் எடுக்கவில்லை. அதைக்கூட, தரமான செயலி போனுக்குள்ளேயே செய்தால் நல்லது. எங்களைக் கவலைப்படுத்துவது, அங்கே இல்லாத முகத்தை அங்கே இருந்த பிள்ளையின் மேல் போடுவதும், அதை உண்மைப் படம் போலப் பகிர்வதும்தான்.

ஆகவே பொத்தானை அழுத்துவதற்கு முன் மூன்று கேள்விகள் கேட்டுப் பாருங்கள். இந்த முகம் யாருடைய உடம்பின் மேல் உட்காரப் போகிறது? இந்தப் படத்தோடு சேர்ந்து வேறு யாருடைய பிள்ளைகள் வெளியே போகிறார்கள்? பத்து வருடம் கழித்து என் பிள்ளை இதைப் பார்த்து "இது நடந்ததா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? விளையாட்டுக்குச் செய்து வீட்டுக்குள் சிரித்துவிட்டு விடுவதென்றாலும், படத்தின் மேலேயே "மாற்றிய படம்" என்று எழுதிவிடுங்கள். பதிவில் எழுதினால் போதாது. படத்தை இறக்கி அனுப்பும்போது பதிவு கூடப் போகாது, படம் மட்டும்தான் போகும். எங்களிடம் வந்து சேர்ந்ததும் அப்படித்தான். யாராவது உங்கள் பிள்ளையின் படத்தை மாற்றித் தவறாகப் பரப்பினால், வெட்கப்பட்டு மறைக்காமல் சாட்சிக்கு ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

நாங்களும் மாறியிருக்கிறோம். வகுப்புப் படத்தை இனிக் குழுமத்தில் போடுவதில்லை. அச்சிட்டு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று கொடுக்கிறோம். அச்சுக்கு முன் இடாப்பை வைத்துப் பெயர் பெயராக முகத்தைச் சரிபார்க்கிறோம். முகநூலிலிருந்த படத்தை அந்த உம்மா அன்றே எடுத்துவிட்டார். லேஸ் தைத்த உம்மாவின் வீட்டுக்கும் தானே போய், "எனக்கு உங்கட புள்ள கண்ணிலேயே படல்ல, மன்னிச்சுக்கொள்ளுங்க" என்று சொன்னாராம். மூலப்படம் நல்லவேளையாக வேறொரு பிள்ளையின் வாப்பாவின் போனில் இருந்தது. ஓட்டைப்பல் சிரிப்பு திரும்பக் கிடைத்தது.

ஆனால் காய்ச்சல் பிள்ளைக்கு என்ன செய்வது? அதற்கு விடை எங்கள் வீட்டுப் பெட்டியிலேயே இருந்தது. நாங்கள் ஆண்டு ஐந்து படித்தபோது எடுத்த வகுப்புப் போட்டோ. அன்று வராத ஒரு சிநேகிதியின் முகத்தை, ஸ்டூடியோக்காரர் மேல் மூலையில் சின்ன முட்டை வட்டத்துக்குள் வைத்திருக்கிறார். கீழே பெயர் வரிசையின் கடைசியில் "சமுகமளிக்காதவர்" என்று அவள் பெயர். அவள் எங்கள் வகுப்புத்தான், அன்று வரவில்லை. இரண்டு உண்மையையும் அந்த வட்டம் சொல்லிவிடுகிறது. யாருடைய இடமும் பறிபோகவில்லை.

அதே போல ஒரு பிரதி செய்து, காய்ச்சல் பிள்ளையின் படத்தை மூலையில் வட்டத்துக்குள் வைத்து, 31 வீட்டுக்கும் கொடுத்தோம். முதலில் முகம் கொஞ்சம் வாடியது. பிறகு விரலை வைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டது:

"டீச்சர், அப்ப எனக்கு அண்டைக்குக் கேக் தரல்லயா?"

"இல்ல மகள். நீங்க காய்ச்சல்ல படுத்திருந்தீங்க."

அடுத்த நாள் லேஸ் தைத்த உம்மா, மகளின் கையில் இரண்டு துண்டு கேக் கொடுத்து அனுப்பியிருந்தார்.